சனிக்கிழமை என்றால் எந்த ஊர்ச் சனிக்கிழமை?

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருப்பவர்களும், இங்கிருந்து ஆன்லைனில் தமிழ் சொல்லித்தருபவர்களும் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும். மற்றவர்கள் உங்கள் விருப்பம்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வடவள்ளியில் வீட்டு மாடியில் சிறியதாக ஒரு மொழிப்பள்ளி நடத்துகிறாள். இப்போது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கும் தமிழ் வகுப்பு ஆரம்பிக்கப் போகிறாளாம். படத்துக்குக் கீழே போட ஒரு வாசகம் எழுதியிருந்தாள். “டீச்சர், எழுத்துப்பிழை இருக்குதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க” என்றாள். அவள் எழுதியது இது:

“வெளிநாடு வாழ் தமிழ்க் குழந்தைகளுக்கான நேரலைத் தமிழ் வகுப்புகள்! மொட்டு: வயது 5–7. அரும்பு: 8–10. மலர்: 11–15. சனிக்கிழமை காலை 6.30 IST (USA 9 PM EST, சிங்கப்பூர் காலை 9, சிட்னி காலை 11). UK, வளைகுடா: சனி மாலை 6.30 IST. ஆறே மாதத்தில் உங்கள் குழந்தை சரளமாகத் தமிழ் பேசும், எழுதும்!”

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. சந்தோஷம்தான். ஆனால் சிவப்பு மையை எடுத்தால் வைக்க மனம் வராத பழக்கம் எனக்கு உண்டென்று உங்களுக்குத் தெரியும். முதல் திருத்தம் சின்னது. பூவில் அரும்புதான் முதலில், அப்புறம்தான் மொட்டு. “அஞ்சு வயசுப் பிள்ளையை மொட்டுன்னும் எட்டு வயசுப் பிள்ளையை அரும்புன்னும் எழுதியிருக்கிறாயே கண்ணு” என்றேன். சிரித்தாள். அதற்குப் பிறகு நான் சொன்னவை அவளுக்குச் சிரிப்பாக இல்லை. இரண்டு நாள் போனில் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி வாசகத்தை நம்பித்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள், குழந்தையை உட்கார வைக்கிறார்கள். அது தப்பாக இருந்தால் வீணாவது பணம் மட்டும் இல்லை. “தமிழ் எனக்கு வராது” என்று அந்தக் குழந்தை முடிவு கட்டிவிடும்.

நேரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் அண்ணன் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் பையனுக்கு ஏழு வயது. போன ஆகஸ்டில் ஓர் ஆன்லைன் தமிழ் வகுப்பில் சேர்த்தாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். அவர்கள் விளம்பரத்திலும் “வெள்ளி இரவு 9 மணி EST” என்றுதான் இருந்தது. மூன்று மாதம் சரியாக நடந்தது. நவம்பர் முதல் வாரம் வழக்கம்போல 8.55-க்குக் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். யாரும் இல்லை. 9.20 வரை பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே. கேட்டால், “நாங்க எப்பவும் இந்திய நேரம் 6.30-க்குத்தான் நடத்துறோம், வகுப்பு முடிஞ்சிருச்சே” என்றார்களாம்.

என்ன நடந்தது என்றால், நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு வருடமும் மார்ச் இரண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி பின்னால் வைப்பார்கள். நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. அதனால் நம்முடைய சனி காலை 6.30 என்பது நியூஜெர்சியில் கோடையில் வெள்ளி இரவு 9 மணி, குளிர்காலத்தில் 8 மணி. விளம்பரத்தில் இருந்த EST என்ற எழுத்துகளுக்குக் குளிர்கால நேரம் என்று பொருள். கோடை நேரத்துக்கு EDT என்று பெயர். கணக்குப்படி 6.30 IST-க்கு நேரானது 8 மணி EST, அல்லது 9 மணி EDT. “9 மணி EST” என்பது வருடத்தில் எந்த நாளும் 6.30 IST-க்குப் பொருந்தாது. என் மாணவியும் அதே தப்பைத்தான் எழுதியிருந்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “எல்லாரும் அப்படித்தான் போடறாங்க டீச்சர்” என்றாள்.

சரி, மணியைத் திருத்திவிட்டால் போதுமா? போதாது. ஏழு வயதுப் பிள்ளையை வெள்ளி இரவு 9 மணிக்கு உட்கார வைத்தால் என்ன படிப்பான்? ஐந்து நாள் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்த களைப்பு. என் பேரன் தலை மேசையில் சாய்ந்துவிடும், அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பாளாம். அவன் மூன்று மாதத்தில் கற்றதில் பாதி, தமிழ் என்றால் தூக்கம் வரும் நேரம் என்பதுதான்.

அப்படியானால் நியூஜெர்சியில் சாயங்காலம் 7 மணிக்கு வைக்கலாமே என்று தோன்றும். அது நமக்குக் கோடையில் விடியற்காலை 4.30. ஒரு வாரம், இரண்டு வாரம் எழுந்திருக்கலாம். வருடம் முழுக்க எந்த ஆசிரியையும் எழுந்து உற்சாகமாகப் பாட்டுச் சொல்லித்தர மாட்டார். நானே செய்ய மாட்டேன்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் “USA” என்று ஒரே வரியில் போடுகிறோம். தமிழ் வகுப்பைப் பொறுத்தவரை அது ஒரு நாடு இல்லை. நியூஜெர்சி, அட்லாண்டா இருக்கும் கிழக்குக் கரைக்கும், கலிபோர்னியா இருக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். கலிபோர்னியாவில் வெள்ளி மாலை 6 மணி என்றால் நமக்குச் சனி காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. குழந்தைக்கும் நல்ல நேரம், ஆசிரியைக்கும் காபி குடித்துவிட்டு உட்காரும் நேரம். நியூஜெர்சிக்கு அந்த நேரம் உதவாது. அவர்களுக்குச் சனிக்கிழமை காலை 9 மணி வைத்தால் நமக்குச் சனி மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே குழந்தை தூங்கி எழுந்து பால் குடித்துவிட்டு வந்து உட்காரும். ஆக, மேற்குக் கரைக்கு நம்முடைய காலை, கிழக்குக் கரைக்கு நம்முடைய சாயங்காலம். இதை மட்டும் சரியாகப் பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அந்தச் சாயங்கால வகுப்பில் லண்டன் பிள்ளைகளும் சேரலாம். நியூஜெர்சியில் காலை 9 என்றால் லண்டனில் மதியம் 2. அங்கேயும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், ஆனால் அதே நாளில் இல்லை. இந்த 2026-இல் அமெரிக்கா மார்ச் 8-ஆம் தேதி மாற்றுகிறது, பிரிட்டன் மார்ச் 29-ஆம் தேதி. திரும்ப மாற்றுவது பிரிட்டன் அக்டோபர் 25, அமெரிக்கா நவம்பர் 1. அதனால் மார்ச் 14, 21, 28, அக்டோபர் 31 ஆகிய நான்கு சனிக்கிழமைகளில் மட்டும் லண்டன் பிள்ளைகள் 2 மணிக்குப் பதிலாக 1 மணிக்கு வரவேண்டும். நான்கே நாள்தான். முன்கூட்டியே தேதி போட்டுச் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் நான்கு நாளும் சண்டை.

“வளைகுடா” என்று ஒரே சொல்லில் எழுதுவதும் சரியில்லை. துபாயில் 2022 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் விடுமுறை. தோகாவிலும் குவைத்திலும் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளிக்கூடம் உண்டு. சனிக்கிழமை வகுப்பு இருவருக்கும் பொருந்தும். “வாரக்கடைசி வகுப்பு” என்று எழுதிவிட்டு ஞாயிறு காலையில் வைத்தால் தோகாப் பிள்ளை வரமுடியாது.

சிட்னியில் எல்லாமே தலைகீழ். நமக்கு வெயில்காலம் அவர்களுக்குக் குளிர்காலம் அல்லவா, அதனால் ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னால் வைப்பார்கள், அக்டோபர் முதல் ஞாயிறு முன்னால் வைப்பார்கள். பக்கத்து மாநிலத்தில் இருக்கும் பிரிஸ்பேனில் மாற்றுவதே இல்லை. ஆகவே “ஆஸ்திரேலியா காலை 11” என்பதும் பாதி வருடம் பொய்.

இதற்கெல்லாம் நான் சொன்ன வழி ஒன்றுதான். கடிகாரம் குழந்தையுடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஊரைத் தலைமை ஊராக வைத்துக்கொண்டு, அந்த ஊர் நேரத்தை மாற்றாமல், நம் ஆசிரியை வருடத்தில் இரண்டு தடவை ஒரு மணி நேரம் நகர்ந்துகொள்ளட்டும். சாயங்காலம் 6.30-ஐ 7.30 ஆக்குவது நமக்குப் பெரிய சிரமம் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பழகிய நேரம் மாறினால் வகுப்பே நின்றுவிடும். விளம்பரத்தில் IST என்ற எழுத்தே வேண்டாம். ஊர்ப் பெயரைப் போடு, கிழமையைப் போடு, அந்த ஊர் மணியைப் போடு. நம்முடைய சனிக்கிழமை காலை அவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்பதை மறந்து “சனி” என்று எழுதிவிட்டு, ஒரு வாரம் முழுக்க போன் பேசியே ஓய்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது வயது.

என் அண்ணி பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். அந்த நியூஜெர்சிப் பையனுக்கு அம்மிச்சி. போன டிசம்பரில் அவர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். பையன் வகுப்பில் படித்த புத்தகத்தை எடுத்துவந்து “நான் பள்ளிக்குச் செல்கிறேன்” என்று எழுத்துக்கூட்டி அழகாகப் படித்துக் காட்டினான். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஏஞ்சாமி, சோறு சாப்புட்டயா? அப்புச்சி கூடத் தோட்டத்துக்குப் போலாமா?” என்று கேட்டார். பையன் அவன் அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அப்புறம் தலையாட்டினான். அண்ணி சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார். சமையற்கட்டில் என்னிடம், “படிக்கறதெல்லாம் படிக்கறான், நாம்பேசறதுதான் அவனுக்குத் தெரியறதில்லை” என்றார்.

பையன் மேல் குறை இல்லை. அவனுக்கு யாரும் அந்தத் தமிழைச் சொல்லித்தரவில்லை. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. “வந்துவிட்டேன்” என்று புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு “வந்துட்டேன்” புதுச் சொல். தாத்தா, பாட்டி என்று படித்த பிள்ளைக்கு அப்புச்சியும் அம்மிச்சியும் யாரென்று தெரியாது. இங்கே வளரும் பிள்ளை பேச்சைக் காதில் வாங்கிவிட்டுத்தான் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறது, அதனால் நாங்கள் நேராக அ, ஆ என்று ஆரம்பித்தோம். அந்தப் பழக்கத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுபோனதுதான் தப்பு. அங்கே வளரும் பிள்ளைக்கு அடித்தளமே போடாமல் 247 எழுத்தையும் ஏற்றுகிறோம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியிலேயே தாய்மொழிப் பாடமாக இருக்கிறது. அங்கேயே 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழையும் சொல்லித்தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பேச்சு அந்த வீடுகளிலேயே குறைந்துகொண்டு வந்ததுதான் காரணம்.

ஆகையால் வயதைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்றேன். குழந்தையின் காதில் எவ்வளவு தமிழ் இருக்கிறது? போன வருடம் கோவையில் இருந்து போன எட்டு வயதுப் பிள்ளையும், டல்லாஸில் பிறந்து வீட்டிலும் ஆங்கிலமே கேட்கும் எட்டு வயதுப் பிள்ளையும் ஒரே “அரும்பு” வகுப்பில் உட்கார்ந்தால், முதல் பிள்ளைக்குச் சலிப்பு, இரண்டாவதற்குப் பயம். நம் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக ஆரம்பித்தது. அவர்கள் மழலைக் கல்வியைத் தனியாக வைத்துவிட்டு, சான்றிதழ்ப் படிப்பை அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று நிலைவாரியாகத்தான் பிரித்திருக்கிறார்கள்.

நிலையைக் கண்டுபிடிக்கப் பெரிய தேர்வு வேண்டியதில்லை. பத்து நிமிடம் வீடியோ காலில் பேசினால் போதும், அம்மா அப்பா மொழிபெயர்க்காமல் இருந்தால். முதலில் ஒரு வேலை சொல்லுங்கள்: “கண்ணு, உன்ற பென்சில் டப்பாவை எடுத்துட்டு வா.” எடுத்துவந்தால் காது இருக்கிறது. அடுத்து, “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?” என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னால், புரிகிறது, பேச வரவில்லை. “தோசை” என்று ஒரே சொல்லில் சொன்னால், வாய் திறக்கப் போகிறது. “தோசை சாப்பிட்டேன்” என்று வினைச்சொல்லோடு சொன்னால் பேசுகிற பிள்ளை, எழுத்துக்குப் போகலாம். முதல் கேள்விக்கே விழித்தால், தமிழை முற்றிலும் புதுமொழியாகச் சொல்லித்தர வேண்டிய பிள்ளை. ஆக நான்கு வகை. பெற்றோரிடம் கேட்டால் பாதிப் பேர் “நல்லாப் பேசுவானுங்க” என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. வீட்டில் அவர்கள் தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்ல, அது ஓடிக்கொண்டே இருக்கும். அது அவர்கள் கண்ணில் படாது.

இதற்கு என் மாணவி சொன்ன பதிலையும் எழுத வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. “டீச்சர், வயசு போடாட்டி ஒருத்தரும் போன் பண்ண மாட்டாங்க. முதல்ல அதைத்தான் பார்க்கறாங்க. அப்புறம், பன்னெண்டு வயசுப் பையனை ஆறு வயசுப் பிள்ளைகளோட உட்கார வெச்சா, அடுத்த வாரம் வரவே மாட்டான்.” உண்மைதான். நாற்பது நிமிடம் உட்கார ஆறு வயதுக்கு முடியாது, பன்னிரண்டுக்கு முடியும். காக்கா கதை ஆறு வயதுக்குப் பிடிக்கும், பன்னிரண்டுக்கு அவமானம். அதனால் வயது வேண்டும்தான். ஆனால் அது பாடத்தின் நீளத்தையும் கதையையும் தீர்மானிக்கட்டும். எங்கே ஆரம்பிப்பது என்பதைக் காது தீர்மானிக்கட்டும்.

அப்போது அவள் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டாள். மூன்று வயதுப் பிரிவு, நான்கு நிலை, மூன்று நேரப் பகுதி. பெருக்கினால் 36 வகுப்பு. “எங்கிட்ட இருக்கறது அஞ்சு டீச்சருங்க” என்றாள். ஆளுக்கு வாரம் இரண்டு வகுப்பு என்றால் பத்துதான் நடத்த முடியும்.

எனக்கு முக்கியமாகப்பட்டது இந்தக் கணக்குதான். பத்து வகுப்பு நடத்தக்கூடிய பள்ளி, உலகத்தில் உள்ள எல்லாத் தமிழ்க் குழந்தைக்கும் கதவு திறந்திருக்கிறது என்று விளம்பரம் போடுகிறது. பிறகு வருகிற பிள்ளைகளை இருக்கிற வகுப்புக்குள் திணிக்கிறது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனசு வருவதில்லை, அவ்வளவுதான். ஆனால் திணிக்கப்பட்ட பிள்ளைதான் மூன்றாம் மாதம் நின்றுவிடுகிறது. சின்னப் பள்ளிக்கு நேர்மையான விளம்பரம் என்றால், யாருக்கு இங்கே இடம் இல்லை என்பதையும் சொல்லுகிற விளம்பரம்.

ஒவ்வொன்றாகக் கழித்தோம். சிங்கப்பூரைக் கழித்தோம். அங்கே பெற்றோர் கேட்பது பள்ளிப் பாடத்துக்கு உதவி, அதற்கு அந்தப் பாடத்திட்டம் தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஆஸ்திரேலியாவை அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம். மீதி இரண்டு நேரம்: கலிபோர்னியாவுக்கு நம் காலை, நியூஜெர்சி–லண்டன்–துபாய்க்கு நம் சாயங்காலம். வயது 6–8, 9–12 என்று இரண்டு. நிலை இரண்டு: புரியும் ஆனால் பேசமாட்டார்கள், பேசுவார்கள் ஆனால் படிக்க வராது. இரண்டும் இரண்டும் இரண்டும் பெருக்கினால் எட்டு வகுப்பு. மீதி இரண்டு, உடம்பு சரியில்லாமலோ ஊருக்குப் போயோ வகுப்பை விட்ட பிள்ளைகளுக்கு.

எழுத்தையும் பாடநூலையும் முறையாகச் சொல்லித்தர அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியா தமிழ்க் கழகம் 1998-இல் இருந்து பெற்றோர்களே தன்னார்வத்தோடு நடத்திவருவது. அவர்களோடு போட்டிக்குப் போக வேண்டியதில்லை. அங்கே கிடைக்காதது இங்கே ஒன்று இருக்கிறது, அது நம் பேச்சு. அதனால்தான் அந்த எட்டில் பாதியைப் பேசாத பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னேன்.

கடைசியாக அந்த “ஆறே மாதத்தில் சரளமாக.” இதையும் கணக்காகவே பார்க்கலாம். வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம். ஆறு மாதத்தில் லீவு போக 24 வகுப்பு கிடைக்கும். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். பாதி நேரம் ஆசிரியை பேசினால் மீதி இருபத்திரண்டு நிமிடத்தை எட்டுப் பேர் பங்குபோட வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. 24 வகுப்புக்கும் சேர்த்து ஒரு பிள்ளை வாய் திறந்து தமிழ் பேசும் நேரம் ஒரு மணிக்குச் சற்று அதிகம். ஆறு மாதத்துக்கு அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பேசிப் பழகினவர் யாரும் எந்த மொழியிலும் சரளமாகப் பேச முடியாது. வகுப்பில் நான்கு பிள்ளைகள் என்றால் இரண்டேகால் மணி நேரம். அதோடு வாரம் இரண்டு நாள் ஐந்தைந்து நிமிடம் அம்மிச்சிக்கோ அப்புச்சிக்கோ போன் பேசினால், ஆறு மாதத்தில் இன்னும் நான்கு மணி நேரம். வகுப்பைவிட அந்தப் போன்தான் அதிகம். அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் போனை எடுத்து என்ன பேசுவது என்று பிள்ளைக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தருவதுதான் வகுப்பின் வேலை. இந்த வாரம் “மழை பேஞ்சுதா?”, அடுத்த வாரம் “கன்னுக்குட்டி எப்படி இருக்குது?” என்று இரண்டு கேள்வி. பதில் புரியாவிட்டால் “இன்னொருக்கா சொல்லுங்க” என்று கேட்கப் பழக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் தெரியாததால்தான் என் பேரன் அவன் அம்மா முகத்தைப் பார்த்தான்.

இதையெல்லாம் போட்டு அவள் திரும்ப எழுதிய வாசகம் இது. அவள் அனுமதியோடுதான் போடுகிறேன்:

“வெளிநாட்டில் வளரும் குழந்தைகளுக்குப் பேச்சுத்தமிழ் வகுப்பு. ஒரு வகுப்பில் நான்கு பேர் மட்டும்.
வயது 6–8: 30 நிமிடம். வயது 9–12: 45 நிமிடம்.
நிலை 1: தமிழ் புரியும், பேசுவதில்லை. நிலை 2: பேசும், படிக்க வராது. எந்த நிலை என்பதைக் குழந்தையோடு பத்து நிமிடம் பேசிப் பார்த்து நாங்கள் சொல்கிறோம்.
கலிபோர்னியா: வெள்ளி மாலை 6 மணி முதல். வருடம் முழுவதும் நேரம் மாறாது.
நியூஜெர்சி: சனி காலை 9 மணி முதல். வருடம் முழுவதும் நேரம் மாறாது. இதே வகுப்பு லண்டனில் சனி மதியம் 2 மணி (2026 மார்ச் 14, 21, 28, அக்டோபர் 31 ஆகிய நாட்களில் மட்டும் 1 மணி). துபாயில் சனி மாலை 5 மணி, அமெரிக்கக் குளிர்காலத்தில் 6 மணி.
ஆறு மாத முடிவில்: நிலை 1 குழந்தை, ஊரில் உள்ள தாத்தா பாட்டியோடு யார் உதவியும் இல்லாமல் ஐந்து நிமிடம் போனில் பேசும்.
தமிழே கேட்டிராத குழந்தைகளுக்கும், சிங்கப்பூர்ப் பள்ளிப் பாடத்துக்கும், ஆஸ்திரேலிய நேரத்துக்கும் இப்போது எங்களிடம் வகுப்பு இல்லை.”

“கடைசி வரியைப் பார்த்தா வர்றவங்களும் ஓடிருவாங்க டீச்சர்” என்றாள். ஓடுகிறவர்கள் ஓடட்டும், அவர்கள் மூன்றாம் மாதம் ஓடுவதற்குப் பதிலாக இப்போதே ஓடுகிறார்கள் என்றேன். சிலர் வராமல் போகலாம். அந்த நஷ்டம் அவளுடையது, என்னுடையது இல்லை, அதனால் என்னால் சுலபமாகச் சொல்ல முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வரியை அவள் எடுக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, எந்த வகுப்பில் சேர்ப்பதாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். வருகிற மார்ச் 8-க்கு அப்புறம் எங்கள் ஊரில் வகுப்பு எத்தனை மணிக்கு? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? என் பிள்ளையோடு பேசிப் பார்த்துவிட்டுத்தானே வகுப்பு ஒதுக்குவீர்கள்? மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் சேருங்கள்.

என் பேரன் இப்போது வகுப்பு எதிலும் இல்லை. ஞாயிறு காலை அங்கே 9 மணிக்கு அம்மிச்சிக்குப் போன் போடுகிறான். இங்கே இரவு 7.30. போன வாரம் அண்ணி கேட்டது புரியாமல், “இன்னொருக்கா சொல்லுங்க அம்மிச்சி” என்றானாம். அண்ணி அதையே நான்கு பேரிடம் சொல்லிவிட்டார். மார்ச் 8-இல் இருந்து 6.30-க்கே போன் வரும் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சீக்கிரம் பால் கறந்துவிட்டு வரவேண்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். போய்ட்டு வர்றனுங்க.